உப்புப் பொட்டலத்தில் தேதி எழுதுங்கள்: பிரஷர் உள்ள வீட்டுக்கு ஒரு சமையலறைக் கணக்கு

என் வாப்பாவுக்குப் பிரஷர் இருக்கிறது என்று தெரிந்து ஒன்பது வருடம் ஆகிறது. மாத்திரையை ஒருநாளும் விட்டதில்லை. இருந்தும் போன வருடம் தொடர்ந்து 158, 160 என்றே காட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் ஒவ்வொரு முறையும் கேட்பது ஒரே கேள்விதான்: "உப்பைக் குறைச்சீங்களா?" வாப்பாவின் பதிலும் ஒன்றுதான்: "நான் எங்க டாக்டர் உப்பு திங்கேன்? கறியில பாதி உப்புதான் போடுதாங்க."

அவர் பொய் சொல்லவில்லை. வாப்பாவுக்காக மைனி தனியாக ஒரு சின்னச் சட்டியில் உப்புக் குறைத்துக் கறி வைத்துக் கொண்டுதான் இருந்தார். ஆனால் அந்தக் கறி ருசிக்கவில்லை என்று பக்கத்தில் ஒரு துண்டு கருவாடு வரும், மாங்காய் ஊறுகாய் வரும், இரண்டு பப்படம் வரும். நான் இருபது வருடத்துக்கு மேல் நர்ஸாக வேலை பார்த்தவள். நோயாளிகளிடம் "உப்பைக் குறையுங்கள்" என்று ஆயிரம் முறை சொல்லியிருப்பேன். எவ்வளவு, எதில், எப்படி என்று ஒருவரிடமாவது உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினேனா என்றால் இல்லை. எங்கள் வீட்டிலேயே அந்தக் கணக்கைப் போட்டபிறகுதான் விஷயம் எனக்கே பிடிபட்டது. அதை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

ஒரு நாளைக்கு எவ்வளவு?

பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளில் 5 கிராம் உப்புக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. சமையலில் போடுவது, ஊறுகாயில் இருப்பது, கடையில் வாங்கித் தின்பது எல்லாம் சேர்த்து 5 கிராம். 5 மில்லி பிடிக்கிற தேக்கரண்டியில் தூள் உப்பைத் தலைதட்டி எடுத்தால் ஏறக்குறைய 6 கிராம் வரும். அதாவது ஒரு கரண்டிகூட முழுதாக இல்லை.

உப்பில் பிரஷரை ஏற்றுவது அதிலுள்ள சோடியம். சோடியம் அதிகமானால் உடம்பு அதைக் கரைத்து வைத்துக்கொள்ளத் தண்ணீரையும் பிடித்து வைக்கும். குழாயில் தண்ணீர் கூடினால் அழுத்தம் கூடுவது போலத்தான். அதிகப்படியை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. வயது ஏற ஏற அந்த வேலை மெதுவாகும், அதனால்தான் இளவயதில் எதையும் தின்று தாங்கிய உடம்பு ஐம்பதுக்குமேல் தாங்குவதில்லை.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். "ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பார்த்தாச்சு, சோடியம் நார்மல். எனக்கு உப்பு ஒண்ணும் செய்யாது" என்று பலர் சொல்வார்கள். அந்த டெஸ்ட் நீங்கள் எவ்வளவு உப்பு தின்கிறீர்கள் என்பதைக் காட்டாது. உப்பு கூடினால் தண்ணீரும் கூடுவதால் ரத்தத்தில் சோடியத்தின் விகிதம் நார்மலாகவேதான் இருக்கும். தின்ற உப்பைச் சரியாக அளக்க வேண்டுமென்றால் 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்துப் பார்க்க வேண்டும். அது எல்லோருக்கும் நடக்கிற காரியமல்ல. அதற்குப் பதிலாக வீட்டில் செய்யக்கூடிய எளிய வழி ஒன்று இருக்கிறது.

பொட்டலக் கணக்கு

புதிய ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தை உடைத்த அன்று அதன் மேல் பேனாவால் தேதி எழுதினோம். தீர்ந்த அன்றும் எழுதினோம். அவ்வளவுதான். எங்கள் வீட்டில் பெரியவர்கள் ஐந்து பேர்: வாப்பா, உம்மா, காக்கா, மைனி, கல்லூரிக்குப் போகும் அவர்கள் மகன்.

ஒரு எச்சரிக்கை. நம் பக்கத்தில் மீன் கழுவக் கல்லுப்புப் போட்டு உரசுவோம். சாளையோ நெத்திலியோ வாங்கிய நாளில் ஒரு கைப்பிடி உப்பு அப்படியே சாக்கடைக்குப் போகும். அது வயிற்றுக்குப் போகிற உப்பு அல்ல. ஆகவே மீன் கழுவ வேறொரு பொட்டலத்தைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கணக்கு தப்பும்.

எங்கள் பொட்டலம் 17 நாளில் தீர்ந்தது. 1000 கிராமை 17 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 59 கிராம். ஐந்து பேருக்கு வகுத்தால் ஆளுக்குக் கிட்டத்தட்ட 12 கிராம். மரச்சீனிக்கிழங்கு அவித்து வடித்த தண்ணீரில் போனது, மிஞ்சிக் கொட்டியது எல்லாவற்றையும் கழித்தாலும் பத்துக்குக் குறையாது. இது வீட்டின் சராசரி. காக்கா மதியம் கடையில் சாப்பிடுகிறவர் என்பதால் மற்றவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடவே இருக்கும்.

அடுத்ததாக வாப்பாவின் தட்டில் பக்கத்தில் வருவதைக் கணக்குப் போட்டேன். உப்புக் கருவாட்டின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் உப்பாகவே இருக்கும். சிலவற்றில் அதைவிட அதிகம். 30 கிராம் துண்டு ஒன்று என்றால் 3 கிராம் உப்பு. ஊறுகாயும் உப்பில் ஊறியது. நன்றாக ஒரு கரண்டி எடுத்தால் ஒரு கிராமுக்குக் குறையாது, மதியமும் இரவுமாக 2 கிராம். பப்படம் ஒன்றுக்குச் சுமார் அரை கிராம் என்று இரண்டுக்கு 1 கிராம். ஆக மொத்தம் 6 கிராம். கறியில் ஒரு கல் உப்புகூடப் போடாமலே வாப்பாவின் ஒரு நாள் அளவு தாண்டிவிட்டது. மைனி தனிச் சட்டியில் பட்ட பாடெல்லாம் வீண்.

இந்த மூன்று வரிக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டியபோதுதான் வாப்பா முதல் தடவையாக மறுபேச்சுப் பேசாமல் இருந்தார். கொஞ்சநேரம் கழித்து, "அப்ப கருவாடே கூடாதா மக்ளே?" என்றார்.

டப்பா உப்பு

இலக்கை இப்படி வைத்தோம். வெளியிலும் ஊறுகாயிலுமாக எப்படியும் ஒரு கிராம் போய்விடும். எனவே சமையலுக்கு ஆளுக்கு 4 கிராம். ஐந்து பேருக்கு நாளைக்கு 20 கிராம். அப்படியானால் ஒரு கிலோ 50 நாள் வர வேண்டும். உங்கள் வீட்டுக்கு வேண்டுமானால் ஆட்களின் எண்ணிக்கையை நாலால் பெருக்கி, ஆயிரத்தை அதனால் வகுத்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளை அரை ஆளாகக் கணக்கிடுங்கள்.

17 நாளில் தீர்ந்ததை ஒரேயடியாக 50 நாளுக்கு இழுத்தால் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள். நாக்கு பழகச் சில வாரம் வேண்டும். அது பழகும், சந்தேகமே இல்லை. ஆனால் படிப்படியாகத்தான்.

முதலில் நம் கரண்டி எவ்வளவு பிடிக்கும் என்று தெரிய வேண்டும். சமையல் கரண்டிகள் ஆளுக்கொரு அளவு. பலசரக்குக் கடைத் தராசில் அந்தக் கரண்டியால் தலைதட்டிப் பத்து முறை உப்புப் போட்டு நிறுத்தோம். 58 கிராம் வந்தது. அதாவது ஒரு கரண்டிக்கு 6 கிராமுக்குச் சற்றுக் குறைவு. அப்போது நாங்கள் நாளொன்றுக்குப் பத்துக் கரண்டி உப்புப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்! கல்லுப்பு என்றால் இடையிடையே இடைவெளி இருப்பதால் அதே கரண்டியில் எடை குறைவாக இருக்கும். ஆகவே எந்த உப்போ அதையே நிறுத்துப் பார்க்க வேண்டும்.

பிறகு காலையில் அன்றைய உப்பை ஒரு சின்ன டப்பாவில் அளந்து வைத்துவிட்டு, பெரிய உப்புப் பரணியை எட்டாத அலமாரிக்கு ஏற்றிவிட்டோம். அன்று முழுக்க யார் சமைத்தாலும் அந்த டப்பாவிலிருந்துதான். முதல் இரண்டு வாரம் எட்டுக் கரண்டி. அடுத்த இரண்டு வாரம் ஆறு. பிறகு ஐந்து. ஏழாவது வாரத்திலிருந்து மூன்றரை. எட்டிலும் ஆறிலும் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஐந்துக்கு வந்தபோது மருமகன் முணுமுணுத்தான். மூன்றரைக்கு வந்த முதல் வாரம் வீட்டில் கொஞ்சம் சண்டைதான்.

வாப்பாவுக்கு மட்டும் தனிச் சட்டி என்பதை அன்றோடு நிறுத்தினோம். தனிச் சட்டி வைத்தால் இரண்டு சங்கடம். நோயாளி தண்டனை அனுபவிக்கிறவர் போல உணர்வார், வாய்ப்புக் கிடைக்கும் இடத்தில் ஈடுகட்டுவார். மற்றது, அதே உப்பைத் தின்று கொண்டிருக்கும் மகனுக்கு நாற்பது வயதில் அதே பிரஷர் வரும்.

மூன்றரைக் கரண்டியை எப்படிப் பங்கிடுவது? மைனி கண்டுபிடித்த வழி இது: எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் குறைப்பதைவிட, உப்பே தேவைப்படாததில் முழுதாக நிறுத்திவிட்டு, அதை மீன்கறிக்கு மிச்சம் பிடிப்பது. சில வீடுகளில் சோற்றுக்கே உப்புப் போட்டு வடிப்பார்கள், எங்கள் வீட்டிலும் அப்படித்தான். இடியாப்ப மாவுக்கு உப்பு, புட்டுமாவு நனைக்கும் தண்ணீரில் உப்பு, மரச்சீனிக்கு உப்பு. இவை எல்லாம் கறி தொட்டுத் தின்பவை. இதில் உப்பை விட்டுவிட்டால் மூன்றாம் நாள் யாருக்கும் நினைவிருக்காது. இப்போது எங்கள் வீட்டில் மதியத்தின் மீன்கறிக்கு ஒன்றேகால் கரண்டி. துவரனுக்கு அரை, ரசத்துக்கு அரை, காலைக்கு முக்கால், இரவுக்கு அரை. டப்பா காலி.

மீன்கறியில் உப்பைக் குறைத்தும் ருசி கெடாமல் வைக்க இரண்டு விஷயம் உதவுகிறது. ஒன்று, உப்பைக் கடைசியில் போடுவது. தேங்காயும் மல்லியும் மிளகும் அரைத்துக் கரைத்து, புளி விட்டு, மீன் வெந்து இறக்கப் போகும்போது உப்பைப் போட்டுச் சட்டியைச் சுழற்றி விடுங்கள். முதலிலேயே போட்டால் உப்பு மீனுக்குள்ளும் காய்க்குள்ளும் இறங்கிவிடும், நாக்கில் படும் உப்பு குறையும், மறுபடியும் போடத் தோன்றும். இரண்டாவது புளிப்பு. மாங்காயோ குடம்புளியோ கொஞ்சம் தூக்கலாக இருந்தால் உப்புக் குறைவதை நாக்கு கண்டுகொள்வதில்லை. துவரனில் எலுமிச்சை பிழியலாம். நல்லமிளகு, வறுத்த உள்ளி, கறிவேப்பிலை தாளிப்பு எல்லாம் அதே வேலையைச் செய்யும். காரத்தை மட்டும் ஏற்றினால் போதாது, காரம் ஏறினால் உப்பும் கேட்கும்.

மறுநாள் சூடாக்கும் பழங்கறியை மறக்க வேண்டாம். வற்ற வற்றத் தண்ணீர் போய் உப்பு மட்டும் சட்டியில் நிற்கும். சூடாக்கும்போது கொஞ்சம் வெந்நீர் விட்டுக்கொள்ளுங்கள்.

கருவாடு, ஊறுகாய், பப்படம்

குளச்சலும் தேங்காய்ப்பட்டணமும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கருவாடு தின்னாதே என்று சொல்ல எனக்கு மனது வரவில்லை. மழைக்காலத்தில் கடலுக்குப் போகாத நாளில் அதுதான் கறி. வாப்பாவுக்கு நாங்கள் வைத்த ஏற்பாடு: வாரத்தில் ஒரு நாள், அன்று வேறு கறிக்கு உப்பே இல்லை.

கருவாட்டைச் சிறு துண்டுகளாக்கி வெந்நீரில் அரை மணி நேரம் போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி புதுத் தண்ணீர், மறுபடி கொட்டல் என்று மூன்று தடவை செய்தால் உப்பில் ஒரு பெரும் பங்கு போய்விடும். முழுவதும் போகாது. ஊறிய தண்ணீரில் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், மூன்றாம் தண்ணீரும் கரித்தால் நான்காம் தடவையும் ஊறட்டும். கத்தரிக்காயோ மாங்காயோ சேர்த்துக் கூட்டு வைத்தால் ஒரு துண்டு நாலு பேருக்கு வரும். உப்புப் போடாமல் வெயிலில் மட்டும் உணக்கிய நெத்திலியும் கிடைக்கிறது. விற்பவரிடம் கேட்டு, ஒன்றை நாக்கில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். பெரிய மீனை உப்பில் புதைத்துச் செய்யும் கருவாட்டைவிட அது எவ்வளவோ மேல்.

ஊறுகாயை வாப்பா கஞ்சிக்குத்தான் கேட்பார். அந்த இடத்துக்குத் தேங்காய்த் துவையல் வந்தது. தேங்காய், வறுத்த மிளகாய், சின்ன உள்ளி, ஒரு துண்டு பச்சை மாங்காய், உப்பு ஒரு சிட்டிகை. கஞ்சிக்கு இதுவும் சிறுபயறுத் துவரனும் இருந்தால் ஊறுகாயின் நினைப்பு வராது என்று சொல்ல முடியாது, வரும். ஆனால் தாங்கும்.

பப்படத்தில் இருப்பது உப்பு மட்டுமல்ல. பொங்கி வருவதற்காகப் போடுகிற பப்படக்காரமும் சோடியம் சேர்ந்த பொருள்தான். ஆப்பமாவில் போடும் சோடாவும் அப்படியே. சின்னக் கரண்டி ஆப்பசோடாவில் 3 கிராம் உப்புக்குச் சமமான சோடியம் இருக்கிறது, நாக்குக்கு அது உப்பாகத் தெரியாது. மாவு நன்றாகப் புளித்தால் சோடா வேண்டியதில்லை. வயிறு உப்புசம் என்றால் தண்ணீரில் கரைத்து நுரை பொங்கக் குடிக்கும் தூளும் இதே வகை. பிரஷர் உள்ளவர்கள் அதை அடிக்கடி குடிப்பதை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

பொட்டலத்தின் பின்பக்கம்

கடைப்பொருளில் உப்பைக் கண்டுபிடிக்க முன்பக்கப் படத்தைப் பார்க்க வேண்டாம். "கொழுப்பு இல்லை", "செயற்கை நிறம் இல்லை" என்று பெரிதாகப் போட்டிருப்பதற்கும் உப்புக்கும் சம்பந்தமில்லை. திருப்பிப் பின்பக்கம் உள்ள சின்னக் கட்டத்தைப் பாருங்கள். சத்து விவரம் என்ற பட்டியலில், கடைசிப் பகுதியில், சோடியம் என்ற வரி இருக்கும். ஆங்கிலத்தில் 'எஸ்' எழுத்தில் தொடங்கும். உப்பு என்று இருக்காது, சோடியம் என்றுதான் இருக்கும், அளவு மில்லிகிராமில் இருக்கும். வீட்டில் படிக்கிற பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுங்கள், அவர்கள் ஆர்வமாகச் செய்வார்கள்.

சோடியத்தை உப்பாக மாற்ற இரண்டரையால் பெருக்க வேண்டும். 400 மில்லிகிராம் சோடியம் என்றால் 1000 மில்லிகிராம், அதாவது ஒரு கிராம் உப்பு. 2000 மில்லிகிராம் சோடியம் 5 கிராம் உப்பு, ஒரு நாள் முழுவதற்குமான அளவு. நமது நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் கொண்டுவந்த லேபிள் விதிகளும் இந்த 2000-ஐத்தான் ஒரு நாளுக்குரிய அளவாக வைத்திருக்கின்றன.

எங்கே ஏமாறுவோம் என்றால், அந்த எண் எவ்வளவு எடைக்குரியது என்று பார்க்காமல் விடுவதில்தான். ஒரு நூடுல்ஸ் பொட்டலத்தை எடுத்துக்கொள்வோம். 100 கிராமுக்கு 1100 மில்லிகிராம் சோடியம் என்று போட்டிருக்கிறது. பொட்டலம் 70 கிராம். 1100-ஐ 70-ஆல் பெருக்கி நூறால் வகுத்தால் 770. அதை இரண்டரையால் பெருக்கினால் 1925 மில்லிகிராம். பிள்ளை ஒரு பொட்டலத்தை முழுதாகத் தின்றால் ஏறத்தாழ 2 கிராம் உப்பு. இதில் பெரும் பங்கு உள்ளே இருக்கும் சின்ன மசாலாப் பையில்தான் இருக்கும். பாதிப் பையைப் போட்டு, காய் சேர்த்துச் செய்தால் பெருமளவு குறையும்.

இன்னொரு வகையில், "ஒரு பரிமாறலுக்கு" என்று போட்டு எண்ணைச் சின்னதாகக் காட்டியிருப்பார்கள். மிக்சர் பொட்டலத்தில் ஒரு பரிமாறல் 30 கிராம், சோடியம் 240 என்றிருக்கும். பரவாயில்லையே என்று தோன்றும். பொட்டலமோ 150 கிராம். சாயங்காலம் பேப்பர் படித்துக்கொண்டே ஒருவர் பாதிப் பொட்டலத்தைத் தீர்த்தால் 600, அதாவது ஒன்றரைக் கிராம் உப்பு.

கடையில் நின்று பெருக்கிக்கொண்டிருக்க முடியாதவர்களுக்கு இரண்டு எண் போதும். 100 கிராமுக்கு 120-க்குக் கீழே சோடியம் இருந்தால் குறைவு. 600-க்கு மேலே இருந்தால் அதிகம், பிரஷர்காரருக்கு அது தினசரிப் பொருள் அல்ல. ஒரே வகைப் பொருளில் இரண்டு கம்பெனியை ஒப்பிட 100 கிராம் கட்டத்தை மட்டும் பாருங்கள்.

உப்பாகவே தெரியாத பொருள்கள்தான் அதிகம் மறைக்கின்றன. ரொட்டி, பன், ரஸ்க், பிஸ்கட் எல்லாம் அப்படி. நாக்கு இனிப்பென்று சொல்லும், கட்டம் வேறு சொல்லும். கடையில் வாங்கும் கறி வறுவல் மசாலாக்களில் பலவற்றில் உப்பு முன்பே சேர்த்திருக்கும். அதைப் போட்டுவிட்டு வழக்கம்போல நாமும் உப்புப் போடுவோம். மசாலாப் பொட்டலத்தில் பொருள்கள் பட்டியலைப் பாருங்கள். எடை அதிகமானது முதலில் வரும் வரிசையில்தான் அந்தப் பட்டியல் எழுதப்படும். உப்பு இரண்டாவதோ மூன்றாவதோ இருந்தால் சமையலில் வேறு உப்பு வேண்டாம். மிளகாய், மல்லி, மஞ்சள் தனித்தனியாக வாங்கி அரைத்துக்கொள்கிறவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

பின்லாந்தில் 1993 முதல், உப்பு மிகுந்த பொருள்களின் மேல் "உப்பு அதிகம்" என்று எச்சரிக்கை எழுதச் சட்டமே கொண்டுவந்தார்கள். நம் பொட்டலங்களில் முன்பக்கம் அப்படி எழுதி வராதவரை திருப்பிப் பார்ப்பது நம் வேலை.

நோன்பு நாட்களில்

ரமலானில் எல்லாக் கணக்கும் குழம்பும். நோன்புக் கஞ்சி, வடை, சமோசா, பிறகு இரவுக்குப் புரோட்டா. பள்ளிவாசலில் பெரிய அண்டாவில் காய்ச்சும் கஞ்சியை ஒருவருக்காக உப்பில்லாமல் காய்ச்ச முடியாது. வாப்பாவுக்கு நாங்கள் செய்தது: வீட்டில் உப்பே இல்லாமல் ஒரு டம்ளர் கஞ்சி காய்ச்சி, அங்கிருந்து வந்த கஞ்சியோடு பாதிக்குப் பாதி கலந்து கொடுத்தோம். மணமும் ருசியும் அப்படியே இருந்தது, உப்புப் பாதியானது. சஹருக்குக் கருவாடும் ஊறுகாயும் நிறுத்தினால் பகலில் தாகம் குறைவதை இரண்டே நாளில் அவரே சொன்னார். நோன்புக் காலத்தில் பிரஷர் மாத்திரையை எந்த நேரத்துக்கு மாற்றுவது என்பதை மட்டும் ரமலானுக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். குறிப்பாகச் சிறுநீர் போகவைக்கும் மாத்திரை எடுப்பவர்கள் அவசியம் கேட்க வேண்டும்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் ஒன்று வருகிறது. அதில் சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் கலந்திருக்கும். சீனாவில் 600 கிராமங்களில், சுமார் 21,000 பேரிடம் ஐந்து வருடம் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், இப்படிப்பட்ட உப்புக்கு மாறியவர்களிடம் பக்கவாதம் சுமார் 14 சதவிகிதம் குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொட்டாசியம் வெளியேறாமல் தேங்கி இதயத் துடிப்பையே பாதிக்கலாம். பிரஷர் மாத்திரைகளிலும் சில வகைகள் பொட்டாசியத்தைத் தேக்கும். ஆகவே டாக்டரிடம் மாத்திரைச் சீட்டைக் காட்டிக் கேட்காமல் அதை வாங்க வேண்டாம்.

இந்துப்பு, பாறை உப்பு என்று விலை கூடிய உப்புகளைப் பற்றியும் கேட்கிறார்கள். எடைக்கு எடை அவற்றிலும் சோடியம் ஏறக்குறைய அதேதான். புத்தளத்து உப்பளத்தில் விளைந்த கல்லுப்பும் அதேதான். குறைவாகப் போடும்போது அயோடின் கலந்ததாகப் பார்த்து வாங்குவதுதான் முக்கியம், இந்துப்பில் பெரும்பாலும் அது இருக்காது.

வயிற்றுப்போக்கு, வாந்தி வந்தால் "எனக்குப் பிரஷர்" என்று ஓ.ஆர்.எஸ். கரைசலை மறுக்கக்கூடாது. அப்போது உடம்புக்கு உப்பும் தண்ணீரும் வேண்டும். வயதானவர் உப்பைக் குறைத்தபின் தலைசுற்றல், குழப்பமான பேச்சு, அளவுக்கு மீறிய சோர்வு என்றிருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

எப்படித் தெரியும்?

வாரம் இருமுறை காலையில், மாத்திரைக்கு முன், ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சளவு மேசையில் வைத்து, பேசாமல் இரண்டு தடவை அளந்து நோட்டில் எழுதினோம். அதற்கு முன் அரை மணி நேரம் தேநீரோ பீடியோ கூடாது. வீட்டில் கருவி இல்லாதவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாக அளந்து தருவார்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் பணியாளர்களும் அளப்பார்கள். ஒரு நாள் அளவை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. ஒரு மாதத்துச் சராசரியைப் பார்க்க வேண்டும்.

உப்பைக் கணிசமாகக் குறைத்த பிரஷர்காரர்களுக்கு மேல் எண் சராசரியாக 5 புள்ளி அளவு இறங்கும் என்பது பல ஆய்வுகளில் கண்டது. சிலருக்கு அதைவிட அதிகம், சிலருக்கு அசையவே அசையாது. வாப்பாவுக்குத் தொடங்கும்போது 158-க்கு 94. மூன்றாம் மாத முடிவில் 147-க்கு 88. மாத்திரை மாற்றவில்லை, அவர் நடையும் கூடவில்லை, குறையவுமில்லை. நோட்டைப் பார்த்த டாக்டர், மாத்திரையைக் கூட்ட வேண்டாம், இதையே தொடருங்கள் என்றார். மாத்திரையை நிறுத்தலாமா என்று வாப்பா கேட்டதற்கு அவர் சொன்ன பதில், கூடாது.

எங்கள் வீட்டில் ஒரு பொட்டலம் இப்போது 46 நாள் வருகிறது. போன ரமலானில் மட்டும் 38 நாளில் தீர்ந்துவிட்டது. மிச்ச உப்பு எங்கே போனது என்று மைனி இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். சமோசாவுக்குப் பிசைந்த மாவில்தான் என்பது என் சந்தேகம்.